நீண்ட கால வட்டி குறுகிய கால வட்டிக்குக் கீழே போகும்போது: தலைகீழ் ஈல்டு வளைவு சொல்லும் செய்தி

பிக்சட் டெபாசிட் போட வங்கிக்குப் போகிற எவருக்கும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. பணத்தை மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் கொஞ்சம் வட்டி, ஐந்து வருடத்துக்குக் கொடுத்தால் அதைவிடக் கூடுதல் வட்டி. நம் கையைவிட்டு நெடுநாள் போயிருக்கும் பணத்துக்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தானே. அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சில காலங்களில் இது புரண்டுவிடுகிறது. மூன்று மாதக் கடனுக்குக் கொடுக்கும் வட்டியைவிடப் பத்து வருடக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் இப்படி நடந்தவுடன் வணிகச் செய்திகளில் "மந்தநிலை எச்சரிக்கை" என்று தலைப்பு வரும். பினாங்கிலும் பலர் அதைப் படித்திருப்பார்கள். வட்டி புரண்டதற்கும் வேலை போவதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் பெரும்பாலான செய்திகள் விளக்காமல் விட்டுவிடுகின்றன.

முதலில் அந்த வளைவு எது என்று பார்த்துவிடலாம். ஓர் அரசாங்கம் பல தவணைகளில் கடன் வாங்குகிறது: மூன்று மாதம், இரண்டு வருடம், பத்து வருடம், முப்பது வருடம். நம் நாட்டில் கருவூலப் பத்திரங்களும் எம்ஜிஎஸ் எனப்படும் மலேசிய அரசுப் பத்திரங்களும் அந்த வகை. ஒவ்வொரு தவணைக்கும் இன்று சந்தையில் என்ன வருட வருமானம், அதாவது ஈல்டு, கிடைக்கிறது என்பதைப் புள்ளியாக வைத்து, இடமிருந்து வலமாகக் கோடு இழுத்தால் கிடைப்பதுதான் ஈல்டு வளைவு. வழக்கமாக அந்தக் கோடு வலப்பக்கம் ஏறும். வலப்பக்கம் இறங்கினால் அது தலைகீழ் வளைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. வங்கிகள் சில நேரம் ஆறு மாத டெபாசிட்டுக்குச் சிறப்புச் சலுகை என்று ஒரு வருட டெபாசிட்டைவிட அதிக வட்டி தருவதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த வங்கிக்கு அந்த நேரத்தில் பணம் தேவைப்பட்டதால் வைத்த விலை. அதைப் பார்த்து மந்தநிலை வருகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆய்வாளர்கள் பார்ப்பது அரசுக் கடன்பத்திரங்களின் வளைவை மட்டும்தான்.

அந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் ஆட்டுவிப்பவர்கள் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இடப்பக்க முனை மத்திய வங்கியின் பிடியில் இருக்கிறது. பேங்க் நெகாரா ஓபிஆர் விகிதத்தை மாற்றினால் நம் குறுகிய கால வட்டிகள் அதோடு சேர்ந்து நகர்வதுபோல, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெட் தன் விகிதத்தை உயர்த்தினால் அங்கே மூன்று மாத வட்டியும் உயரும். வலப்பக்க முனையை மத்திய வங்கி நேரடியாக நிர்ணயிப்பதில்லை. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோர் கடன்பத்திரங்களை வாங்கி விற்பதில்தான் அது உருவாகிறது.

வாங்குவது எப்படி வட்டியை மாற்றும்? ஒரு வருடம் கழித்து 104 வெள்ளி தரும் ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதை 100 வெள்ளிக்கு வாங்கினால் உங்கள் வருமானம் 4 விழுக்காடு. பலரும் போட்டி போட்டு வாங்கி விலை 102 ஆகிவிட்டால், அதே 104 வெள்ளிதான் கிடைக்கும், ஆனால் வருமானம் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். விலை ஏறினால் ஈல்டு இறங்கும். ஆகவே பத்து வருட ஈல்டு இறங்கியது என்று செய்தி வந்தால், பத்து வருடப் பத்திரங்களை நிறைய பேர் விரும்பி வாங்கினார்கள் என்று படித்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மூன்று மாதத்துக்கே அதிக வட்டி கிடைக்கும்போது, குறைந்த வட்டிக்குப் போய் நெடுங்காலம் பணத்தைக் கொடுப்பவர் யார்? அவருக்குக் கணக்குத் தெரியாதா?

கணக்குத் தெரிந்துதான் கொடுக்கிறார். எளிமைக்காக இரண்டே தவணைகளை வைத்துப் பார்ப்போம். ஒரு வருடப் பத்திரம் 5 விழுக்காடு தருகிறது, இரண்டு வருடப் பத்திரம் வருடத்துக்கு 4 விழுக்காடு தருகிறது. உங்களிடம் 10,000 வெள்ளி இருக்கிறது. இரண்டு வருடப் பத்திரம் வாங்கினால் முதல் வருடக் கடைசியில் 10,400, இரண்டாம் வருடக் கடைசியில் 10,816 வெள்ளி. ஒரு வருடப் பத்திரம் வாங்கினால் முதல் வருடக் கடைசியில் 10,500 வெள்ளி. அதை மறுபடியும் ஒரு வருடத்துக்குப் போட வேண்டும். என்ன வட்டி கிடைத்தால் அதுவும் 10,816 ஆகும்? 10,500 வெள்ளிக்கு 316 வெள்ளி, அதாவது ஏறக்குறைய 3 விழுக்காடு. அடுத்த வருடம் வட்டி 3 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும் என்று நினைப்பவருக்கு, இன்றே 4 விழுக்காட்டை இரண்டு வருடத்துக்கு உறுதி செய்துகொள்வதுதான் லாபம். மேலே போகும் என்று நினைப்பவர் ஒரு வருடப் பத்திரத்தோடு நின்றுகொள்வார். இந்த இரு தரப்பும் மோதி நிற்கும் விலைதான் 5-க்கு 4 என்பது.

ஆக, 5-க்கு 4 என்ற வளைவுக்குள் ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது: இன்று 5-ஆக இருக்கும் வட்டி அடுத்த வருடம் 3 அளவுக்கு இறங்கிவிடும். இதைப் பத்து வருடத்துக்கு நீட்டினாலும் அதே தர்க்கம்தான். நெடுநாள் காத்திருப்பதற்காக முதலீட்டாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கூடுதல் தொகையையும் இதில் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கூடுதலையும் விழுங்கிக்கொண்டு நீண்ட கால ஈல்டு கீழே போகிறது என்றால், வட்டி இறங்கும் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, வட்டி ஏன் இறங்கும்? மத்திய வங்கி சும்மா வட்டியைக் குறைப்பதில்லை. கடைகளில் வியாபாரம் படுத்து, கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தி, வேலையில்லாதவர்கள் கூடும்போதுதான் வேகமாக, பெரிய அளவில் குறைக்கிறது. அப்படியானால் வட்டி பெரிதாக இறங்கும் என்று பந்தயம் கட்டுபவர்கள் பெரும்பாலும் பொருளாதாரம் சரியும் என்றுதான் பந்தயம் கட்டுகிறார்கள். தலைகீழ் வளைவு மந்தநிலையைக் கொண்டுவருவதைவிட, பெரிய பணம் வைத்திருப்பவர்கள் அதை எதிர்பார்ப்பதைக் காட்டுகிறது என்பதே சரியான வாசிப்பு. இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வரப்போகும் தவறான எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள இதுதான் உதவும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இடப்பக்க முனை ஏறி நிற்பதே தன்னளவில் ஒரு பாரம். வங்கிகள் குறுகிய கால டெபாசிட்டை வாங்கி நீண்ட காலக் கடனாகக் கொடுக்கின்றன. டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டி ஏறி, புதிய நீண்ட காலக் கடனுக்கு வாங்கும் வட்டி ஏறாமல் நின்றால், கடன் கொடுப்பதில் மிஞ்சுவது சுருங்கும். வங்கி கையை இறுக்கும், சிறு கம்பெனிகளுக்குக் கடன் கிடைப்பது கடினமாகும். அமெரிக்காவில் வீட்டுக்கடன் பெரும்பாலும் முப்பது வருடத்துக்கு மாறாத வட்டியில் இருப்பதால் இந்த இறுக்கம் அங்கே கூடுதலாகத் தெரியும். நம் நாட்டில் வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் ஓபிஆர் ஏறினால் தானும் ஏறும். அதனால் இங்கே பாரம் வங்கியைவிடக் கடன் வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணையில் முதலில் விழுகிறது.

இந்தத் தொடர்பை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கேம்ப்பெல் ஹார்வி. 1986-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த முனைவர் ஆய்வு, வளைவின் சரிவுக்கும் அடுத்து வரும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள உறவைக் காட்டியது. 1990-களில் ஆர்துரோ எஸ்ட்ரெல்லாவும் ஃபிரெடெரிக் மிஷ்கினும் அதைத் தொடர்ந்தார்கள். இன்றும் நியூயார்க் ஃபெட் பத்து வருட ஈல்டிலிருந்து மூன்று மாத ஈல்டைக் கழித்து, பன்னிரண்டு மாதம் கழித்து மந்தநிலை இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. செய்திகளில் அதிகம் அடிபடுவது பத்துக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி. எனக்குப் பத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உள்ள இடைவெளிதான் தெளிவாகப் படுகிறது. மூன்று மாத ஈல்டு இன்றைய கொள்கை வட்டியை ஒட்டியே நிற்கும். இரண்டு வருட ஈல்டிலோ இனி வரப்போகும் வட்டியைப் பற்றிய எதிர்பார்ப்பு ஏற்கெனவே கலந்துவிடுகிறது.

1960-களின் கடைசியிலிருந்து 2020 வரை அமெரிக்காவில் வந்த ஒவ்வொரு மந்தநிலைக்கும் முன்னால் இந்த வளைவு தலைகீழாகியிருக்கிறது. 2020-க்கு முன்பும், 2019-ல், ஆனது. ஆனால் கோவிட் கிருமியைக் கடன்பத்திரச் சந்தை முன்கூட்டியே கண்டது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒன்றை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இது நடக்கும் விதத்தை ஒருமுறை மெதுவாகப் பார்க்க 2004 முதல் 2007 வரையிலான காலம் நல்ல பாடம். 2004 ஜூனில் ஃபெட்டின் வட்டி 1 விழுக்காடு. அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கால் புள்ளியாக, 17 தடவை உயர்த்தி, 2006 ஜூனில் 5.25-க்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத ஈல்டு அதோடு ஏறியது. ஆனால் பத்து வருட ஈல்டு அந்த அளவுக்கு ஏறவில்லை. 2005 பிப்ரவரியில் அப்போதைய ஃபெட் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பன் இதை ஒரு புதிர் என்றே குறிப்பிட்டார். ஆசிய மத்திய வங்கிகள் உட்பட வெளிநாட்டுச் சேமிப்பு அமெரிக்கப் பத்திரங்களில் குவிவதால்தான் நீண்ட முனை தாழ்ந்து கிடக்கிறது என்ற விளக்கம் பரவலாக இருந்தது. அவருக்குப் பின் வந்த பென் பெர்னாங்கி 2006 மார்ச்சில், தட்டையாகிவிட்ட இந்த வளைவைப் பெரிய பொருளாதாரச் சரிவின் அறிகுறியாகத் தான் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். காரணம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

2006-ன் நடுவில் பத்து வருட ஈல்டு மூன்று மாத ஈல்டுக்குக் கீழே போனது. 2007 தொடக்கத்தில் மூன்று மாதம் 5.1 விழுக்காடு, பத்து வருடம் 4.7 விழுக்காடு என்ற அளவில் நின்றது. அந்த நேரத்தில் வேலைவாய்ப்பு நன்றாக இருந்தது, பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. பிறகு 2007-ன் நடுவில் நீண்ட முனை சற்று ஏறி, தலைகீழ் நிலை விலகியது. ஆபத்து தாண்டிவிட்டது என்று அப்போது நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கடன் சிக்கல் வெடித்தது. செப்டம்பரில் ஃபெட் வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. டிசம்பரில் பத்து வருடம் ஏறக்குறைய 4.1, மூன்று மாதம் ஏறக்குறைய 3. அதாவது வளைவு பார்க்க மிகவும் ஆரோக்கியமாக, ஒரு முழு புள்ளி இடைவெளியோடு நிமிர்ந்திருந்தது. அந்த டிசம்பரில்தான் மந்தநிலை தொடங்கியது. அதை முறைப்படி தேதி குறித்து அறிவிக்கும் குழு 2008 டிசம்பரில்தான் அப்படிச் சொன்னது.

இந்தக் கதையில் புதியவர்கள் தவறவிடும் விஷயம் காலம்தான். தலைகீழானதற்கும் மந்தநிலைக்கும் நடுவில் ஒன்றேகால் வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது. மந்தநிலை வந்து நின்றபோது வளைவு தலைகீழாக இல்லவே இல்லை. எச்சரித்த கோடு நேராகிவிட்டது என்று நிம்மதி அடைவது இந்தக் குறியைத் தவறாகப் படிப்பது. பொருளாதாரம் உண்மையிலேயே சரியும்போது மத்திய வங்கி குறுகிய வட்டியை வேகமாக இறக்கும், இடப்பக்க முனை விழும், வளைவு தானாக நிமிரும்.

இனி தவறிய எச்சரிக்கை. விலைவாசி எகிறியதால் ஃபெட் 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50-க்கு உயர்த்தியது. பத்துக்கும் இரண்டுக்குமான இடைவெளி 2022 ஜூலையில் தலைகீழாகி, 2024 செப்டம்பர் வரை அப்படியே கிடந்தது. ஒரு கட்டத்தில் ஒரு முழு புள்ளிக்கும் மேல் கீழே போனது. பத்துக்கும் மூன்று மாதத்துக்குமானது 2022 அக்டோபர் கடைசியிலிருந்து 2024 டிசம்பர் வரை. இவ்வளவு ஆழமாக, இவ்வளவு நீளமாகத் தலைகீழாகியும் அந்தக் காலத்தில் மந்தநிலை வரவில்லை.

ஏன் தவறியது? முன்பு பார்த்த 5-க்கு 4 கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு சொல்வது "வட்டி இறங்கும்" என்பதை மட்டும்தான். "மந்தநிலையால் இறங்கும்" என்பது நாம் சேர்ப்பது. 2022-ல் வட்டி உயர்ந்திருந்ததற்குக் காரணம் விலைவாசி. விலைவாசி தணிந்தாலே வட்டியைக் குறைக்கலாம், யாருக்கும் வேலை போக வேண்டியதில்லை. சந்தை எதிர்பார்த்ததில் இதற்கும் பெரிய பங்கு இருந்தது. அதோடு, அமெரிக்கக் குடும்பங்களில் பல 2020, 2021-ல் 3 விழுக்காட்டை ஒட்டிய வட்டியில் முப்பது வருட வீட்டுக்கடனைப் பூட்டி வைத்திருந்தன. ஃபெட் உயர்த்திய வட்டி அவர்களைத் தொடவே இல்லை.

ஆனால் வங்கிகளை அது தொட்டது. சிலிக்கன் வேலி வங்கி, வட்டி குறைவாக இருந்த காலத்தில் டெபாசிட் பணத்தைக் கொண்டு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. ஈல்டு ஏறியதும் அவற்றின் விலை விழுந்தது. 2023 மார்ச்சில் 1.8 பில்லியன் டாலர் நஷ்டத்தில் அவற்றில் ஒரு பகுதியை விற்றதாக அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். மறுநாளுக்கு மறுநாள் வங்கி மூடப்பட்டது. மந்தநிலை வராவிட்டாலும் உயர்ந்த குறுகிய வட்டி எங்கே கடிக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

நம் சொந்த வளைவைப் பார்த்து இதே கணிப்பைச் செய்யலாமா என்று கேட்டால், செய்ய வேண்டாம் என்பேன். அமெரிக்க வளைவு தலைகீழாகக் கிடந்த அந்த இரண்டு வருடங்களிலும் எம்ஜிஎஸ் வளைவு நேராகத்தான் இருந்தது. பேங்க் நெகாரா ஓபிஆரை 1.75-லிருந்து 3 வரைதான் உயர்த்தியது, அதனால் இடப்பக்க முனை அவ்வளவு உயரவில்லை. நம்மைத் தாக்கிய பெரிய சரிவுகளும் வெளியிலிருந்து வந்தவை. 1998-ல் ஆசிய நிதி நெருக்கடியால் நம் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 2009-ல் அமெரிக்க மந்தநிலையின் அலையால் 1.5 விழுக்காடு சுருங்கியது. பாயான் லெப்பாசில் செய்யப்படும் சில்லுகளும் மின்னணுப் பாகங்களும் கடைசியில் வெளிநாட்டுச் சந்தைகளுக்குத்தான் போகின்றன. அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே முதலில் ஓவர்டைம் நிற்கும், பிறகு ஒப்பந்த ஊழியர்கள் போவார்கள். அதனால்தான் பினாங்குத் தமிழ்க் குடும்பம் ஒன்று அமெரிக்க வளைவைத் தெரிந்துவைத்திருப்பதில் பொருள் இருக்கிறது.

பார்ப்பதும் எளிது. செயின்ட் லூயிஸ் ஃபெட்டின் இலவசத் தளத்தில் `T10Y3M` என்று தேடினால் பத்து வருடத்திலிருந்து மூன்று மாதத்தைக் கழித்த கோடு வரும். மந்தநிலைக் காலங்கள் சாம்பல் பட்டைகளாக இருக்கும். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போய் ஓரிரு நாளில் மேலே வந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். மாதக்கணக்கில் கீழே கிடந்தால் கவனியுங்கள். அப்புறம் அது மேலே வரும்போது இன்னும் கவனமாக, எந்த முனை நகர்ந்ததால் வந்தது என்று பாருங்கள். 2007-ன் கடைசி மாதங்களில் இரண்டு முனைகளுமே விழுந்தன, குறுகிய முனை வேகமாக விழுந்தது. பணம் பயந்துபோய் எல்லாத் தவணைப் பத்திரங்களையும் தேடி ஓடியது அது. 2024-ன் கடைசி மாதங்களிலும் ஃபெட் ஒரு முழு புள்ளி குறைத்தது, ஆனால் பத்து வருட ஈல்டு செப்டம்பர் நடுவில் இருந்த 3.6-லிருந்து டிசம்பர் கடைசியில் 4.5-ஐத் தாண்டி ஏறியது. மந்தநிலை வரும் என்று நம்புகிறவர்கள் பத்து வருடப் பத்திரத்தை அந்த வேகத்தில் விற்க மாட்டார்கள்.